சீலிங்குக்கு மேல் எத்தனை அங்குலம் கிளாஸ் வூல் போடலாம்? நுவரெலியா அறை ஒன்றை வைத்து ஒரு முழுக் கணக்கு

நுவரெலியாவில் தகரக் கூரைக்குக் கீழே பிளைவூட் சீலிங் அடித்த ஓர் அறையில் இரவு முழுக்க ஹீட்டர் ஓடுகிறது என்றால், அந்தச் சூட்டில் ஏறக்குறைய பாதி சீலிங் வழியாகவே மேலே போய்விடும். சீலிங்கின் மேல் ஓர் அங்குலக் கனத்தில் கிளாஸ் வூல் விரித்தால், அந்த வழியே போகும் நூறு பங்கில் எழுபத்தொரு பங்கு நின்றுவிடும். அதன் மேல் அதே கனத்தில் இன்னோர் அடுக்கு போட்டால் பன்னிரண்டு பங்குதான் கூடுதலாக நிற்கும். மூன்றாவது அடுக்கு ஐந்து பங்கு. நான்காவது மூன்று பங்குகூட வராது. ஆனால் கடையில் நான்கு அடுக்குக்கும் ஒரே விலை.

எந்த அடுக்கோடு நிறுத்துவது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்குப் போட்டால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்கள், அல்லது சொந்த வீட்டில் ஹீட்டர் போடுகிறவர்கள், பாஸைக் கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது. வாடகைக்கு விடும் ஓர் அறையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். சீலிங் 15 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 160 சதுர அடி.

முதல் படி: குளிர் எத்தனை மணி நேரம், எத்தனை பாகை

வெப்பக்காப்பு எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் குளிருக்கும் எத்தனை பாகை வித்தியாசம்? அந்த வித்தியாசம் வருடத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதைப் பாகை-மணி என்போம்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10 பாகைக்குக் கீழும் இறங்கும், சில விடியல்களில் புல் மேல் உறைபனியும் படியும். மற்ற மாதங்களில் அவ்வளவு இல்லை. நம் கணக்குக்கு மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே சராசரியாக 12 பாகை, அறைக்குள் 20 பாகை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 பாகை. அறையில் விருந்தினர் தங்குவது வருடத்தில் 200 இரவுகள். அப்படியானால் 8 × 12 × 200 = 19,200 பாகை-மணி.

இந்த எண்ணை அடுத்த வீட்டுக்காரரிடம் கடன் வாங்கக் கூடாது. ஹற்றனும் பண்டாரவளையும் 1,250 மீட்டர் உயரத்தை ஒட்டியே இருக்கின்றன. அங்கே இரவு வித்தியாசம் இதில் பாதியாகக்கூட இருக்கலாம். உயரம் ஒன்றாகவே இருந்தாலும், ஏப்ரல் சீசனுக்கு மட்டும் திறக்கும் பங்களாவுக்கும் வருடம் முழுக்க ஆள் வரும் இடத்துக்கும் பாகை-மணி பல மடங்கு வேறுபடும். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை வெளிச்சுவரில், மழையும் வெயிலும் படாத இடத்தில் மாட்டி, இரவு 9 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் சில வாரம் குறித்து வைத்தாலே நம்பத்தகுந்த சராசரி கிடைக்கும்.

இரண்டாம் படி: இப்போது இருக்கும் தடை

வெப்பம் போகும் பாதையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை உண்டு. ஒரு சதுர மீட்டர் வழியே 1 வாட் வெப்பம் போக எத்தனை பாகை வித்தியாசம் வேண்டும் என்பதே தடை. தடைகள் வரிசையாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

நம் சீலிங்கில் இப்போது இருப்பவை: சீலிங்குக்கு அடியில் ஒட்டி நிற்கும் காற்றுப் படலம் 0.10, 6 மில்லிமீட்டர் பிளைவூட் 0.05, மேலே காற்றுப் புகும் வெற்றிடமும் தகரமும் சேர்த்து 0.06, தகரத்துக்கு வெளியே காற்றுப் படலம் 0.04. மொத்தம் 0.25. ஒன்றை இதால் வகுத்தால் 4. அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருக்கும்போது, சீலிங்கின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் 4 வாட் போகிறது.

பிளைவூட்டுக்குப் பதிலாக சீமெந்து ஷீட் என்றால் தடை இன்னும் கொஞ்சம் குறையும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 0.25 என்பது 0.22 ஆனாலும் 0.30 ஆனாலும், நாம் தேடும் கனம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறாது.

மூன்றாம் படி: அடுக்கு அடுக்காகப் பட்டியல்

நல்ல கிளாஸ் வூலின் வெப்பக் கடத்துத்திறன் 0.040. அடுக்கின் கனத்தை மீட்டரில் எழுதி இதால் வகுத்தால் அதன் தடை வரும். 25 மில்லிமீட்டருக்கு 0.025 ÷ 0.040 = 0.625. ரொக் வூலுக்கும் சாதாரண ரெஜிபோமுக்கும் ஏறக்குறைய இதே எண்தான். வாங்கும் பொதியில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இனி ஒவ்வோர் அடுக்காகக் கூட்டி, ஒன்றை அந்தத் தொகையால் வகுத்து, 19.2 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் வழியே வருடத்தில் போகும் மின்சாரம் யூனிட் கணக்கில் வந்துவிடும். (19,200 பாகை-மணியை ஆயிரத்தால் வகுத்ததுதான் 19.2. வாட்-மணி யூனிட்டாக மாற அது தேவை.)

| கனம் (மி.மீ.) | மொத்தத் தடை | வருட இழப்பு (யூனிட்) | இந்த அடுக்கால் மிச்சம் (யூனிட்) |
|---|---|---|---|
| 0 | 0.25 | 76.8 | – |
| 25 | 0.875 | 21.9 | 54.9 |
| 50 | 1.50 | 12.8 | 9.1 |
| 75 | 2.125 | 9.0 | 3.8 |
| 100 | 2.75 | 7.0 | 2.1 |
| 125 | 3.375 | 5.7 | 1.3 |
| 150 | 4.00 | 4.8 | 0.9 |

கடைசி நிரலை மேலிருந்து கீழே பாருங்கள். முதல் அடுக்கு 54.9 யூனிட், ஆறாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஆறாவது அடுக்கில் ஒரு பழுதும் இல்லை. முதல் அடுக்குக்கு இருக்கும் அதே 0.625 தடைதான் அதற்கும் இருக்கிறது.

பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஓர் அடுக்கு தன்னிடம் வந்து சேரும் வெப்பத்தை மட்டுமே தடுக்க முடியும். வெறும் சீலிங் வழியே 76.8 யூனிட் போய்க்கொண்டிருந்தபோது, மொத்தத் தடை 0.25 தான். அதோடு 0.625 சேர்ந்ததும் தடை மூன்றரை மடங்காகிவிட்டது. இழப்பு மூன்றரையில் ஒரு பங்காக இறங்கியது. ஆறாவது அடுக்கு வரும்போது ஏற்கனவே 3.375 தடை இருக்கிறது. அதோடு அதே 0.625 சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை. அதுவும் போய்க்கொண்டிருப்பதே 5.7 யூனிட் என்னும்போது, அதில் ஒரு சிறு பங்கைத் தடுத்து என்ன மிச்சமாகும்? குளிரில் வெறும் மேனியாக இருப்பவருக்கு முதல் கம்பளி உயிரைக் கொடுக்கும், ஐந்து கம்பளிக்குள் இருப்பவருக்கு ஆறாவது பாரம்தான்.

"கனத்தை இரட்டித்தால் இழப்பு பாதியாகும்" என்று விற்பனையாளர்கள் சொல்வதில் பெரிய பொய் இல்லை. 75 ஐ 150 ஆக்கினால் 9.0 யூனிட் 4.8 ஆகிறது, பாதிக்குக் கிட்டத்தட்டச் சரி. ஆனால் எதில் பாதி என்று கேட்க வேண்டும். 76.8 இல் பாதி என்றால் பணம். 9 இல் பாதி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு வருடம் நான்கு யூனிட்.

நான்காம் படி: ரூபாயாக மாற்றுவது

இங்கே மூன்று விலைகள் தேவை. நான் வைத்துக்கொள்பவை கணக்குக்கு வசதியான எண்கள் மட்டுமே. உங்களுடையதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் ஒரு யூனிட் 40 ரூபாய். வீட்டுப் பில் என்றால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் வீட்டுக் கட்டணம் பிளாக் பிளாக்காக ஏறுவது. மிச்சமாகும் யூனிட் எப்போதும் கடைசி பிளாக்கிலிருந்துதான் கழியும். ஆகவே மொத்தப் பில்லை யூனிட்டால் வகுத்த சராசரியைப் போடக் கூடாது, உங்கள் பாவனை எட்டும் கடைசி பிளாக்கின் விலையைப் போட வேண்டும். சராசரியைப் போட்டால் வெப்பக்காப்பின் பெறுமதி குறைந்துபோய்த் தெரியும்.

25 மில்லிமீட்டர் கிளாஸ் வூல் ஒரு சதுர மீட்டருக்கு 600 ரூபாய்.

மூன்றாவது, வருங்காலத்தில் மிச்சமாகும் ஒரு ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு? சீலிங் வேலை பத்து வருடம் தாங்கும், பணத்துக்கு வருடம் 10 வீதம் வட்டி என்று எடுத்தால், வருடம் ஒரு ரூபாய் வீதம் பத்து வருடம் மிச்சமாவது இன்றைய 6 ரூபாய்க்குச் சமம். பத்து ரூபாய் என்று கூட்டுவது தவறு. அந்தப் பணம் வங்கியில் கிடந்தாலும் வளர்ந்திருக்கும். ஆக, வருடத்தில் ஒரு யூனிட் மிச்சம் என்றால் அதன் பெறுமதி 40 × 6 = 240 ரூபாய்.

இனி ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே நிறுத்தி விசாரிக்கலாம். முதல் அடுக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு 13,000 ரூபாய்க்கு மேல் திருப்பித் தருகிறது. இரண்டாவது ஏறக்குறைய 2,200 தருகிறது. மூன்றாவது 900. இதுவரை எல்லாமே லாபம். நான்காவது 500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகத் தருகிறது, வாங்குவதோ 600. அங்கே நிறுத்த வேண்டும். 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம்.

இந்த அடுக்குவாரிக் கேள்வியைக் கேட்காமல் மொத்தமாகக் கேட்டால் ஏமாந்துபோவோம். 150 மில்லிமீட்டரும் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 3,600 ரூபாய் செலவு, வருடம் 72 யூனிட் மிச்சம், அதாவது 2,880 ரூபாய். "ஒன்றேகால் வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் சேர்" என்று யாராவது சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த 2,880 ரூபாயில் 2,700 க்கு மேல் முதல் மூன்று அடுக்குகள் சம்பாதித்தது. ஆறாவது அடுக்கைத் தனியே பார்த்தால் வருடம் 36 ரூபாய் தருகிறது. போட்ட 600 வர 17 வருடம் வேண்டும். மொத்தக் கணக்கில் சோம்பேறி அடுக்குகள் முதல் அடுக்கின் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

கூலி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சீலிங்கைத் திறந்து, ஏறி, விரித்து, மூடும் கூலி ஓர் அங்குலம் போட்டாலும் மூன்று அங்குலம் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் கூலி எந்தக் கனத்தில் நிறுத்துவது என்பதை மாற்றாது. வேலையைச் செய்வதா வேண்டாமா என்பதைத்தான் தீர்மானிக்கும். ஆனால் "இப்போது ஓர் அங்குலம் போடுவோம், மிச்சத்தை அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற யோசனையைக் கூலி கெடுத்துவிடும். பெரிய மிச்சத்தை முதல் அங்குலமே எடுத்துக்கொண்ட பிறகு, இரண்டாம் முறை ஏறும் பாஸுக்குக் கொடுக்கும் கூலியை இரண்டாம், மூன்றாம் அடுக்குகளின் சிறிய மிச்சத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பட்டியல் இல்லாமல் நேரே விடை

பட்டியல் போடப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கடைசியாகச் சேர்க்கும் மில்லிமீட்டரின் விலையும் அது தரும் மிச்சமும் சமமாகும் இடத்தை இது நேராகக் காட்டும்.

```
d = sqrt(k × G × P / c) − k × R0
```

d என்பது மீட்டரில் கனம். k கடத்துத்திறன், 0.040. G ஆயிரத்தால் வகுத்த பாகை-மணி, 19.2. P ஒரு யூனிட்டின் ஆயுள் பெறுமதி, 240. c ஒரு கன மீட்டர் கிளாஸ் வூலின் விலை; 25 மில்லிமீட்டர் 600 ரூபாய் என்றால் 24,000. R0 இப்போதிருக்கும் தடை, 0.25. போட்டுப் பார்த்தால் 0.0876 − 0.010, ஏறக்குறைய 78 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது 75.

சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது அந்த வர்க்கமூலம். மின்சார விலை இரண்டு மடங்கானால் கனம் இரண்டு மடங்காக வேண்டும் என்று தோன்றும். ஆனால் 78 வெறும் 114 தான் ஆகிறது. விருந்தினர் 200 இரவுக்குப் பதில் 100 இரவு மட்டும் வந்தால் 52. வருடம் முழுக்க 365 இரவும் ஹீட்டர் ஓடினால் 108. எண்களைக் கொஞ்சம் தவறாக ஊகித்தாலும் விடை தலைகீழாக மாறாது.

அது மட்டுமல்ல, கொஞ்சம் தவறினாலும் நட்டம் சின்னது. ஒரு சதுர மீட்டருக்குக் கிளாஸ் வூல் விலையையும் பத்து வருட இழப்பின் பெறுமதியையும் கூட்டிப் பாருங்கள். ஒன்றும் போடாவிட்டால் 18,400 ரூபாய். 50 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 4,270, 75 க்கு 3,970, 100 க்கு 4,080, 150 க்கு 4,750. அடிப்பகுதி தட்டையான கிண்ணம் போல இருக்கிறது. 75 தான் மிகக் குறைவு என்றாலும், 100 போட்டவர் இழப்பது 110 ரூபாயை ஒட்டித்தான். 50 போட்டவர் 300 இழக்கிறார். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கடையில் 75 இல்லை, 50 உம் 100 உம் மட்டும் இருக்கிறது என்றால் 100 ஐ வாங்குங்கள். மெல்லிய பக்கம் தவறுவதைவிடத் தடித்த பக்கம் தவறுவது மலிவு.

ஆறாம் படி: நான்காவது அடுக்குக்கு முன் ஓட்டை

இதுவரை போட்ட கணக்கு சீலிங் முழுக்க ஒரே சீராக மூடியிருக்கிறது என்று நம்பிப் போட்டது. உண்மையில் மேலே ஏறும் மூடியின் மேல் யாரும் ஒன்றும் வைப்பதில்லை. சுவரோரம் தகரம் தாழ்ந்து வரும் இடத்தில் கை எட்டாது என்று விட்டுவிடுவார்கள். லைட்டைச் சுற்றி வெட்டி எடுத்திருப்பார்கள். இவை எல்லாம் சேர்ந்து சீலிங்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது முக்கால் சதுர மீட்டர் என்று வைப்போம்.

அந்த முக்கால் மீட்டர் பழையபடி பாகைக்கு 4 வாட் வீதம், மொத்தம் 3 வாட் விடுகிறது. மூன்று அங்குலம் மூடிய மீதி 14.25 சதுர மீட்டர் விடுவதோ 6.7 வாட். இருபதில் ஒரு பங்கு இடம், மொத்த இழப்பில் முப்பது வீதத்தைத் தின்கிறது! மூன்று அங்குலம் வாங்கிவிட்டு இரண்டு அங்குலப் பயனோடு உட்கார்ந்திருக்கிறோம். இந்த நிலையில் நான்காவது அடுக்கை மற்ற இடமெல்லாம் போட்டால் 1.5 வாட் மிச்சம். ஓட்டையை மட்டும் மூடினால் 2.65 வாட் மிச்சம், அதுவும் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொண்டே. அடுக்கு கூடக் கூட ஓட்டைதான் பெரிதாகத் தெரியும்.

கண்டுபிடிப்பது சுலபம். குளிரான இரவில், ஹீட்டர் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, ஏணியில் ஏறிச் சீலிங்கின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தடவிப் பாருங்கள். மூடாத இடம் சில்லென்று தெரியும்.

கிளாஸ் வூலை அமுக்கியும் கெடுக்கலாம். 75 மில்லிமீட்டர் ரோலின் மேல் பழைய கதவையும் பெட்டியையும் ஏற்றி 50 க்கு நசுக்கினால், ஒரு முழு அடுக்கின் பயன் ஏறக்குறைய போய்விடும்.

ஏழாம் படி: மூடுபனி ஊரில் விரிக்கும் முறை

மலைநாட்டில் கிளாஸ் வூலுக்கு முதல் எதிரி ஈரம். அது மேலே தகரம் ஒழுகி வருவதைவிட, கீழே அறையிலிருந்து ஏறி வருவது அதிகம். ஆட்கள் மூச்சு விடுகிறார்கள், குளியலறையில் சுடுநீர் திறக்கிறார்கள். அந்த ஈரக் காற்று சீலிங் இடுக்குகள் வழியே மேலே போகிறது. வானம் தெளிவாக இருக்கும் ஜனவரி விடியலில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும், ஏனென்றால் அது தன் சூட்டை நேரே வானத்துக்கு விடுகிறது. ஈரக் காற்று அதன் அடியில் பட்டதும் நீர்த்துளியாகிச் சொட்டும். வெப்பக்காப்பு போட்ட பிறகு சீலிங்குக்கு மேலே உள்ள இடம் முன்னைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால், இந்தச் சொட்டல் கூடவும் செய்யலாம். நனைந்த கிளாஸ் வூல் வெப்பத்தைத் தாராளமாக விடும், நம் பட்டியலில் உள்ள ஓர் எண்ணும் அதற்குப் பொருந்தாது.

ஆகவே முதலில் சீலிங்கின் மேல் தடித்த பொலித்தீன் விரிப்பு, அதன் மேல் கிளாஸ் வூல். பொலித்தீன் எப்போதும் சூடான பக்கம், அதாவது அறைப் பக்கம். அதைக் கிளாஸ் வூலுக்கு மேலே போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மழை ஒழுகினால் காக்கும் என்று. அது கீழிருந்து வரும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துவிடும். விரிப்புகளை ஓரத்தில் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்ட வேண்டும். அப்புறம், தகரத்துக்கும் கிளாஸ் வூலுக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுங்கள். கூரை ஓரத்துக் காற்று வழிகளை அடைக்காதீர்கள். எலியும் அணிலும் வராமல் இருக்க அங்கே கம்பி வலை அடிக்கலாம்.

ரெஜிபோம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதானால் இரண்டு எச்சரிக்கை. அது தீப்பிடிக்கும். அதோடு பீவீசீ உறை போட்ட மின்கம்பி ரெஜிபோமில் நேரே பட்டுக்கொண்டிருந்தால், கம்பி உறையின் மென்மையாக்கி ரெஜிபோமுக்குள் ஊறி, காலப்போக்கில் உறை விறைத்து வெடிக்கும். மின்கம்பி நிறைந்த பழைய சீலிங்கில் நான் ரெஜிபோமைத் தவிர்ப்பேன்.

வேலை முடிந்த முதல் குளிர்காலத்தில் ஒரு விடியலில் மேலே ஏறி, கிளாஸ் வூலை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கை ஈரமானால், அல்லது சீலிங்கின் அடியில் பழுப்புக் கறை தெரிந்தால், பொலித்தீன் எங்கேயோ திறந்திருக்கிறது.

எட்டாம் படி: பில்லில் என்ன எதிர்பார்க்கலாம்

சீலிங் இழப்பு எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது என்பதற்காகப் பில்லும் அப்படி இறங்காது. நம் அறையில் சீலிங் முன்பு பாகைக்கு 60 வாட் விட்டது. இரண்டு வெளிச்சுவர்கள் ஏறக்குறைய 40, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் 11, கதவிடுக்கு வழியே மாறும் காற்று 13. மொத்தம் 124. மூன்று அங்குலத்துக்குப் பிறகு சீலிங் 7 ஆகிறது, மற்றவை அப்படியே, மொத்தம் 71. எட்டு பாகை வித்தியாசத்தில் முன்பு ஓர் இரவுக்கு 12 யூனிட் போனது, இனி 7 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வருடத்துக்கு ஓர் அறையில் ஏறக்குறைய 1,000 யூனிட், 40,000 ரூபாய் மிச்சம். 27,000 ரூபாய் கிளாஸ் வூலுக்கு அது நல்ல வரவுதான். ஆனால் இதற்குமேல் சீலிங்கில் எடுக்க ஒன்றுமில்லை. மீதி 64 வாட் சுவரிலும் ஜன்னலிலும் கதவடியிலும் இருக்கிறது. அடுத்த ரூபாய் அங்கேதான் போக வேண்டும்.

ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இந்த மிச்சம்கூட வராது. ஒரு கிலோவாட் ஹீட்டர் இரவு முழுக்க ஒரே மாதிரி எரிந்தால் பில் பழையபடியே வரும். அறைதான் கூடுதலாகச் சூடாகும், விருந்தினர் ஜன்னலைத் திறப்பார். வேலை முடிந்து இரண்டு மாதமாகியும் பில் இறங்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு விஷயம் கணக்கில் அடிக்கடி விடுபடும். தூங்கும் இரண்டு பேர் சேர்ந்து 150 வாட் அளவுக்கு வெப்பம் தருகிறார்கள். பழைய அறையில் அது ஒரு பாகையைச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கியது. புது அறையில் அதே இரண்டு பேர் இரண்டு பாகை சூடாக்குகிறார்கள். அப்படியானால் ஹீட்டர் சுமக்க வேண்டியது எட்டு அல்ல, ஆறு பாகை. சூத்திரத்தில் ஆறைப் போட்டால் 78 மில்லிமீட்டர் 66 ஆகிறது. வெப்பக்காப்பு கூடக் கூட, தடுக்க வேண்டிய வெப்பம் மட்டுமல்ல, ஹீட்டர் தேவைப்படும் பாகைகளும் குறைகின்றன. பின்னால் வரும் அடுக்கின் வரவு பட்டியலில் காட்டியதைவிடவும் சின்னது. 75 போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு இடத்தில் இதே கணக்கு

அதே கெஸ்ட் ஹவுஸில் சுடுநீர்த் தொட்டி ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் 60 பாகையில் நிற்கிறது, அதைச் சுற்றிய காற்று 16 பாகை என்றால், பாகை-மணி 385,000 க்கு மேல். சீலிங்கைப் போல இருபது மடங்கு. வர்க்கமூலம் எடுத்தால் நாலரை மடங்கு. தட்டையான பரப்பு என்றால் சூத்திரம் 39 சென்டிமீட்டர் கேட்கும். தொட்டி உருளை என்பதால் வெளியே போகப் போக ஒவ்வோர் அடுக்குக்கும் அதிகச் சரக்கு வேண்டியிருக்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டிக்கு அது 26 ஆகக் குறைகிறது. அவ்வளவு பருமனாக யாரும் சுற்றப்போவதில்லை. ஆனால் 10 சென்டிமீட்டர் சுற்றினாலே வெறுந்தொட்டி விடும் வெப்பத்தில் 95 வீதம் நின்றுவிடும். சீலிங்கில் நான்காவது அங்குலம் வீண், தொட்டியில் அதே நான்காவது அங்குலம் லாபம். சரக்கு ஒன்றே, பாகை-மணிதான் வேறு. தேவைப்படும்போது மட்டும் சுவிட்ச் போடும் கீசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதன் மணி நேரம் மிகக் குறைவு.

லயத்து வீடுகளில் தகரத்துக்குக் கீழே எதையாவது அடிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே ஹீட்டர் இல்லை, ஆகவே சூத்திரத்தில் G பூச்சியம், விடை பூச்சியத்துக்கும் கீழே வரும். பில்லில் மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்த வீட்டில் ஆட்களின் மூச்சும் அடுப்பின் சூடும்தான் ஹீட்டர். அந்தச் சூட்டை இரவில் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கவும், விடியலில் தகரம் படுக்கையில் சொட்டாமல் இருக்கவும் ஒரு சீலிங்கும் அதன்மேல் பொலித்தீனும் ஓர் அங்குலக் கிளாஸ் வூலும் போதும். இரண்டாவது அங்குலத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் கதவடி இடுக்கை அடைக்கலாம்.